பன்னிரண்டா, பதினேழா? சுற்றுலா வேன் வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

சிறிய அளவில் சுற்றுலா நடத்துபவர் சொந்தமாக ஒரு வேன் வாங்க நினைக்கும்போது முதலில் எழும் கேள்வி எத்தனை இருக்கை என்பதுதான். விற்பவரும் அதையே கேட்கிறார், பாடி கட்டுபவரும் அதையே கேட்கிறார். இருக்கை கூடினால் வருமானம் கூடும் என்ற நினைப்பு அந்தக் கேள்விக்குள் ஒளிந்திருக்கிறது. பேருந்துக்கு அது பொருந்தும், ஏனென்றால் அங்கே ஒவ்வோர் இருக்கைக்கும் தனித்தனியாக டிக்கெட் உண்டு. சுற்றுலா வேன் முழு வண்டியாக வாடகைக்குப் போவது. உள்ளே ஏழு பேர் உட்கார்ந்தாலும் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தாலும் வாடகை ஒன்றுதான். ஆகவே கூடுதலாகப் போடும் ஓர் இருக்கை இரண்டு வழிகளில் மட்டுமே காசு கொண்டுவர முடியும். அது இல்லாவிட்டால் வந்திருக்காத ஒரு சவாரியைக் கொண்டுவர வேண்டும், அல்லது கிலோமீட்டர் விலையை உயர்த்தித் தர வேண்டும். இரண்டும் நடக்காத நாளில் அந்த இருக்கை வெறும் செலவு. முதல் வேன் வாங்கும் பெரும்பாலானோருக்குப் பதினேழு இருக்கையைவிடப் பன்னிரண்டு இருக்கையே லாபம் என்பது என் முடிவு. அதற்கான காரணங்களையும், அந்த முடிவு எங்கே பொய்த்துப்போகும் என்பதையும் ஒரு குறிப்பிட்ட ஊரின் கணக்கோடு பார்ப்பது பயன் தரும்.

கும்பகோணத்தை எடுத்துக்கொள்வோம். சூரியனார்கோயில், திங்களூர், வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு, ஆலங்குடி, கஞ்சனூர், திருநள்ளாறு, திருநாகேஸ்வரம், கீழப்பெரும்பள்ளம் ஆகிய ஒன்பது நவகிரகத் தலங்களும் அந்த ஊரிலிருந்து ஒரே நாளில் போய்வரக்கூடியவை. ரயிலில் வந்து இறங்கும் வெளியூர்க் குடும்பங்கள் விடியற்காலையில் வேன் ஏறி இரவு அறைக்குத் திரும்புகிறார்கள். வழியை ஒழுங்காக அமைத்தால் ஓட்டம் 200-க்கும் 250-க்கும் இடைப்பட்ட கிலோமீட்டரில் முடிந்துவிடும். வாடகை அப்படிக் கணக்கிடப்படுவதில்லை. ஒரு நாளைக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோமீட்டர் என்று பேசிக்கொள்வது இந்தத் தொழிலின் வழக்கம். வண்டி அதற்குக் குறைவாக ஓடினாலும் அந்தத் தொகை உண்டு. அதற்கு மேல் ஓடினால் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கூடும். டிரைவர் பேட்டா, டோல், பார்க்கிங், வெளிமாநில பெர்மிட் எல்லாம் தனி. கிலோமீட்டரை ஷெட்டிலிருந்து ஷெட் வரை எண்ண வேண்டும். இந்தக் குறைந்தபட்ச கிலோமீட்டர்தான் சிறிய முதலாளியின் உயிர்நாடி. பணம் கொடுக்கப்பட்டு, ஆனால் ஓடாத கிலோமீட்டருக்கு டீசலும் இல்லை, டயர் தேய்மானமும் இல்லை. ஆகவே கன்னியாகுமரிக்கோ திருப்பதிக்கோ நீண்ட ஓட்டம் ஓடும் நாளைவிட, ஊரைச் சுற்றிக் கோயில் பார்க்கும் நாளில் கையில் நிற்பது அதிகமாக இருக்கக்கூடும்.

கணக்குக்காகச் சில எண்களை வைத்துக்கொள்வோம். அவரவர் ஊர் நிலவரத்துக்கு ஏற்ப இவற்றை மாற்றிக்கொள்ளலாம், கணக்கின் வழி மாறாது. பன்னிரண்டு இருக்கை கொண்ட ஏசி வேனுக்கு 16 லட்சம் ரூபாய் கடன், 11 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 34,800 ரூபாய். காப்பீடு, சாலை வரி, பெர்மிட், எஃப்.சி. எல்லாவற்றையும் மாதத்துக்குப் பிரித்தால் 12,000, டிரைவர் சம்பளம் 15,000, நிறுத்துமிடமும் சில்லறைச் செலவும் 2,000. வண்டி ஷெட்டிலேயே நின்றாலும் மாதம் 63,800 ரூபாய் போய்க்கொண்டிருக்கும். ஓடும்போது டீசல் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 ரூபாய், டயருக்கு ஒரு ரூபாய், சர்வீஸ், பிரேக், கிளட்ச், ஏசி வேலைகளுக்கு ஒதுக்கி வைக்க இரண்டு ரூபாய், ஆக 13 ரூபாய். வாடகை கிலோமீட்டருக்கு 22 ரூபாய், குறைந்தபட்சம் 300 கிலோமீட்டர் என்று பேசினால் ஒரு நாள் வரவு 6,600. சராசரியாக 230 கிலோமீட்டர் ஓடும் நாளில் ஓட்டச் செலவு 2,990 போக 3,610 ரூபாய் நிற்கும். 63,800-ஐ அதனால் வகுத்தால் மாதம் 18 நாள் சவாரி கிடைத்தால்தான் கையைக் கடிக்காது என்று தெரிகிறது. அதே வண்டி ஒவ்வொரு சவாரியிலும் முழு 300 கிலோமீட்டர் ஓடினால் நாளுக்கு 2,700 ரூபாய்தான் மிஞ்சும், 24 நாள் சவாரி தேவைப்படும். ஒரே வண்டி, ஒரே விலை. ஓடும் வழியின் நீளம் மட்டுமே ஆறு நாள் வித்தியாசத்தை உண்டாக்கிவிடுகிறது.

இப்போது பதினேழு இருக்கை. கடன் 18 லட்சம் என்று கொண்டால் தவணை 39,100 ஆகும். இருக்கைக் கணக்கில் ஏறும் காப்பீடும் வரியும் சேர்ந்து 15,000. மற்றவை அப்படியே. மொத்தம் 71,100. ஓட்டச் செலவு கிலோமீட்டருக்கு 14.50. வாடகை 26 ரூபாய் கிடைத்தால் நாள் வரவு 7,800, அதே 230 கிலோமீட்டர் ஓட்டத்தில் மிச்சம் 4,465. மாதம் 16 நாளில் கணக்கு நேராகிவிடும். காகிதத்தில் பெரிய வண்டிதான் வெல்கிறது, விற்பவர் காட்டுவதும் இந்தக் கணக்கைத்தான். அதில் ஒரு விஷயம் விட்டுப்போகிறது. பத்துப் பேர் கொண்ட குடும்பம் தொலைபேசியில் கேட்கும்போது பதினேழு இருக்கைக்கான விலையைச் சொன்னால் அவர்கள் அடுத்த தெருவில் பன்னிரண்டு இருக்கை வேனைப் பேசிக்கொண்டு போய்விடுவார்கள். வண்டி சும்மா நிற்பதற்குப் பதில் ஓடட்டும் என்று முதலாளி தம் பெரிய வேனைச் சிறிய வேனின் விலைக்கே விடுகிறார். அந்த நாளில் வரவு 6,600, செலவு பெரிய வண்டியின் செலவு, மிச்சம் 3,265. எல்லா நாளும் அப்படிப் போனால் 22 நாள் சவாரி வேண்டும். பாதி நாள் பெரிய குழுவும் பாதி நாள் சிறிய குழுவும் வந்தால் 18-க்கும் 19-க்கும் இடையில் வந்து நிற்கிறது. அது பன்னிரண்டு இருக்கை வேனின் நிலைதான். மாதம் 20 நாள் ஓடினால் சிறிய வேனில் 8,400 ரூபாய் மிஞ்சும். பெரிய வேனில் பாதி நாள் பெரிய குழு வந்தால் 6,200, மூன்றில் ஒரு பங்கு நாள் மட்டும் வந்தால் 2,200. வேனின் அளவைத் தீர்மானிப்பது குழுவின் அளவு என்பது இதிலிருந்து தெளிவாகிறது.

பன்னிரண்டு என்ற எண்ணுக்குச் சட்டத்திலும் ஓர் இடம் உண்டு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரைவரைத் தவிர்த்து ஆறு பேருக்கு மேல், பன்னிரண்டு பேர் வரை வாடகைக்கு ஏற்றும் வண்டியை மேக்ஸி கேப் என்று வரையறுக்கிறது. பதின்மூன்றாவது இருக்கை போட்டதுமே வண்டி அந்த வகுப்பிலிருந்து வெளியேறிவிடுகிறது. பெர்மிட்டையும் வரியையும் அதற்கேற்ப மறுபடி விசாரிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணமும் தலைக்கணக்கில் ஏறுவது. 2022இல் அறிவிக்கப்பட்ட விகிதத்தில், ஆறு பயணிகளுக்கு மேல் ஏற்றும் வண்டிக்கு அடிப்படைத் தொகை 14,343 ரூபாய், அதோடு ஒவ்வொரு பயணிக்கும் 877 ரூபாய். கூடுதலான ஐந்து இருக்கைக்கு ஆண்டுக்கு 4,385 ரூபாய், அந்த இருக்கைகளில் ஒருவரும் உட்காராவிட்டாலும் கட்டியே தீர வேண்டும். நவகிரக வழியில் இன்னொன்றும் உண்டு. திருநள்ளாறு இருப்பது காரைக்கால் மாவட்டத்தில், அது புதுச்சேரி ஒன்றியப் பிரதேசம். எட்டுக் கோயில்களைத் தமிழ்நாட்டுக்குள் பார்த்துவிட்டு ஒன்பதாவதற்காக எல்லை தாண்ட வேண்டும். அகில இந்திய சுற்றுலா பெர்மிட் எடுத்தவருக்கு அது பொருட்டில்லை. எடுக்காதவர் அந்த ஒரு கோயிலுக்காக ஒவ்வொரு முறையும் தனியாகப் பணம் கட்ட வேண்டும். அந்தச் செலவை வாடகை பேசும்போதே சொல்லிவிடாவிட்டால் பயணத்தின் கடைசியில் சச்சரவுதான்.

வசதி என்று வரும்போது பலரும் புஷ்பேக் சீட், டிவி, வண்ண விளக்கு என்று போகிறார்கள். வாடிக்கையாளர் நினைவில் நிற்பது வேறு. புனேயின் பஜாஜ் டெம்போ நிறுவனம் 1987இல் கொண்டுவந்த டிராவலர் வகை வேன்தான் இன்றும் நம் ஊர்களில் இந்தத் தொழிலின் அடிப்படை. இத்தகைய வேன்களின் பின்பக்கத்தை லீஃப் ஸ்பிரிங் தாங்குகிறது. ஸ்பிரிங் முழுச் சுமைக்கு ஏற்ற விறைப்போடு செய்யப்படுவதால், பாதி ஆள் ஏறினால் பள்ளம் மேட்டில் வண்டி அதிகமாகத் தூக்கிப் போடும். பதினேழு பேருக்கான வண்டியில் எட்டுப் பேரை ஏற்றினால் இடம் தாராளமாக இருக்கும், பயணம் அவ்வளவு சுகமாக இராது. கடைசி வரிசை பின் அச்சுக்கும் பின்னால் தள்ளி இருப்பதால் ஆட்டம் அங்கேதான் மிகுதி. சக்கரத்துக்கு மேல் வரும் இருக்கையில் கால் வைக்க இடமும் குறைவு. வேனில் ஏறும் குழுவில் முதியவர்கள் முன்னால் உட்காருவார்கள், கடைசி வரிசை இளையவர்களுக்கும் குழந்தைகளுக்கும் போகும், மலைப்பாதையில் வாந்தி எடுப்பதும் அவர்கள்தான். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளில் அந்த வரிசை படும் பாட்டை எந்த மெத்தையும் மறைத்துவிடாது.

ஆகவே நீளமான பாடியை எடுத்து, அதில் பன்னிரண்டு இருக்கையோடு நிறுத்திக்கொள்வது நல்ல யோசனை. பதினேழு பேருக்குப் போதுமான நீளத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தால் முழங்கால் முன்சீட்டில் இடிக்காது. அதைவிட முக்கியம், பின்னால் பெட்டிகளுக்கு இடம் கிடைக்கும். பன்னிரண்டு பேர் மூன்று நாள் பயணத்துக்கு வரும்போது பன்னிரண்டு பெட்டியும் அதே அளவு பையும் வரும். நெருக்கமாக இருக்கை போட்ட வேனில் அவை நடைபாதையிலும் மேலே கேரியரிலும் ஏறும். கேரியரில் சுமை ஏறினால் வளைவில் வண்டி சாயும் உணர்வு கூடும், காற்றெதிர்ப்பில் டீசலும் கூடும், மழை வந்தால் தார்ப்பாயும் வேண்டும். ஆனால் இருக்கை எண்ணிக்கையை ஆர்.சி. புத்தகத்தில் பதியாமல் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பதிவில் பதினேழு என்று இருக்க, ஐந்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓட்டினால் வரியும் காப்பீடும் பதினேழுக்குத்தான், போதாக்குறைக்கு எஃப்.சி.யில் நிறுத்தப்படுவதற்கும் வாய்ப்புண்டு. வாங்கும்போதே பன்னிரண்டு என்று பதிவு செய்துவிடுவதுதான் முறை. நவகிரக வழிக்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒன்பது கோயிலில் ஒன்பது முறை இறங்கி ஒன்பது முறை ஏற வேண்டும், அதுவும் ஒரே கதவு வழியாக. பதினேழு பேர், அதில் முட்டிவலிக்காரர்கள் நான்கு பேர் என்றால் ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்கள் கூடுதலாகப் போகும். மதியம் நடை சாத்திவிட்டால் மாலைதான் திறப்பார்கள் என்ற ஊரில் அந்த நிமிடங்கள் சேர்ந்து ஒரு கோயிலையே விட வைத்துவிடும். படி தாழ்வாகவும் கைப்பிடி உறுதியாகவும் இருப்பது டிவியைவிடப் பலமடங்கு பயன் தரும் வசதி.

நடை சாத்தியிருக்கும் அந்த மதிய நேரத்தில்தான் பராமரிப்புச் செலவும் பிறக்கிறது. வெயிலில் வண்டியை நிறுத்தி, உள்ளே ஆட்கள் இருக்க, இன்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போட்டுவைக்கச் சொல்வார்கள். நின்ற இடத்தில் ஓடும் இன்ஜின் ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் டீசலையாவது எரிக்கும். டீசல் மட்டும் போனால் பரவாயில்லை. பி.எஸ். 6 வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடும்போது சூடேறி அந்தக் கரி தானே எரிந்துபோகும். நின்றபடி ஓடும் இன்ஜினும், தெருத்தெருவாக ஊரும் ஓட்டமும் அந்தச் சூட்டைத் தருவதில்லை. வடிகட்டி அடைக்கத் தொடங்கினால் டாஷ்போர்டில் விளக்கு எரியும், இழுவை குறையும். விளக்கு வந்ததும் நெடுஞ்சாலையில் சிறிது நேரம் நிறுத்தாமல் ஓட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும். கண்டுகொள்ளாமல் விட்டால் ஒர்க்‌ஷாப்பில் பெரிய தொகை. கோயில் வழி மட்டுமே ஓடும் வேனுக்கு இடையிடையே நீண்ட ஓட்டம் தேவை என்பது இதனால்தான். ஏசியைப் பொறுத்தவரை, ஓடும்போது குளிர்ந்து, நின்றதும் வெப்பக் காற்று வந்தால் கண்டென்சரில் தூசி அடைத்திருக்கிறது அல்லது அதன் விசிறி தளர்ந்திருக்கிறது என்று முதலில் சந்தேகிக்க வேண்டும். கேஸ் குறைவு என்று சொல்லி ஒவ்வொரு கோடையிலும் கேஸ் ஏற்றிக்கொண்டிருப்பது காசைக் காற்றில் விடுவது, ஏனென்றால் கசிவு இல்லாத ஏசியில் கேஸ் குறைவதற்குக் காரணமே இல்லை. டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட், மலையிறங்கும்போது கருகல் வாடை வந்தால் டிரைவர் கியரை நம்பாமல் பிரேக்கிலேயே இறக்குகிறார் என்று அர்த்தம். கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய் ஒதுக்கி வைப்பது இந்த அறிகுறிகளைக் கண்ட அன்றே வேலை பார்க்கத்தான். அந்தப் பணம் கையில் இல்லாதவர் சீசன் முடியட்டும் என்று தள்ளிப்போடுவார், வண்டி சீசனில் நின்றுவிடும்.

அப்படி நிற்கும் ஒரு நாளின் விலை பழுதுச் செலவோடு முடிவதில்லை. முன்பணம் வாங்கிய சவாரியை ரத்து செய்ய முடியாது, வேறொருவரின் வேனைச் சீசன் விலைக்கு எடுத்து அனுப்ப வேண்டும். பழைய வேனை வாங்கிவிடலாமே, தவணை பாதியாகுமே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். பழைய வேனில் தவணை குறைவது உண்மை. சொந்தமாக ஓட்டி, சொந்தமாக வேலையும் தெரிந்தவருக்கு அது சரியான வழியாகவும் இருக்கலாம். மற்றவர்களுக்கு, எட்டு வருடம் தாண்டிய வண்டிக்கு எஃப்.சி. ஆண்டுதோறும் எடுக்க வேண்டும், அதுவரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான். ஒவ்வோர் எஃப்.சி.க்கும் பெயின்ட், டிங்கரிங் என்று வண்டி சில நாள் நிற்கும். அந்த நாட்களையும் திடீர்ப் பழுதுகளையும் சவாரி நாட்களிலிருந்து கழித்த பிறகே தவணை மிச்சத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

பன்னிரண்டுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது, பதினைந்து பேர் வந்து கேட்டால் இல்லை என்று அனுப்ப வேண்டியிருக்குமே என்பது. அனுப்ப வேண்டியதில்லை. அந்த நாளுக்குப் பெரிய வேன் வைத்திருக்கும் இன்னொருவரிடம் வண்டியை எடுத்து, வழியையும் தங்குமிடத்தையும் தாமே ஏற்பாடு செய்து, கமிஷனை எடுத்துக்கொள்ளலாம். பத்து சதவீதம் என்றாலும் 7,800 ரூபாய் வாடகையில் 780 ரூபாய், அதற்குத் தவணையும் இல்லை டயரும் இல்லை. சொந்தப் பெரிய வேனில் கிடைக்கும் 4,465-க்கு இது ஈடாகாதுதான். ஆனால் மாதம் ஐந்தாறு நாள் மட்டுமே அப்படிக் குழு வந்து, அந்நாட்களில் சொந்த வேனுக்கும் வேறு சவாரி கிடைக்குமானால், மீதி நாட்களில் பெரிய வண்டியைச் சுமப்பதைவிட இது மேல். தலைக்குச் செலவு குறையும் என்ற வாதமும் உண்டு. பதினேழு பேர் நிறைந்தால் தலைக்கு 459 ரூபாய், பன்னிரண்டு பேரில் 550. அது நிறைந்த வண்டிக்கு மட்டுமே பொருந்தும் கணக்கு. இரண்டு குடும்பம் பாட்டி தாத்தாவோடு கிளம்பினால் எட்டிலிருந்து பன்னிரண்டு பேர்தான் சேருவார்கள். பன்னிரண்டைத் தாண்டும் குழு பெரும்பாலும் குடும்பமாக இராது. அலுவலக நண்பர்கள், கல்யாண வீட்டார், மாலை போட்ட சாமிமார்கள் என்று அது வேறு வகை.

அந்தச் சாமிமார்களைப் பற்றி ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. கார்த்திகை பிறந்ததிலிருந்து மகர விளக்கு வரை பெரிய வேனுக்குத்தான் கிராக்கி. குருசாமியோடு கிளம்பும் குழு பதினைந்துக்குக் குறைவது அரிது, இருமுடியோடு நெருங்கி உட்காரவும் அவர்கள் தயங்குவதில்லை. நாளுக்கு 400 கிலோமீட்டர் ஓடினால் குறைந்தபட்ச கிலோமீட்டரின் ஆதாயம் மறைந்துவிடும். இருந்தாலும் கிலோமீட்டருக்கு 11.50 மிச்சம் தரும் பதினேழு இருக்கை வேன் 4,600 ஈட்டும்போது, பன்னிரண்டு இருக்கை வேன் 3,600 தான் ஈட்டும். சபரிமலைச் சவாரியையும் முகூர்த்த மாதங்களின் கல்யாணச் சவாரியையுமே நம்பித் தொழில் செய்பவர் பதினேழு எடுப்பதுதான் சரி, என் முடிவு அவருக்குப் பொருந்தாது. ஆனால் அந்தச் சீசன் இரண்டு மாதம். பள்ளி திறந்த பிறகு வரும் ஜூன், ஜூலையில் தவணை நிற்பதில்லை. அப்போது வருவது சிறு குடும்பங்களும் வெளிநாட்டிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்களும். மந்த மாதத்தில் பத்து நாள் சவாரிதான் என்றால் பன்னிரண்டு இருக்கை வேன் சுமார் 27,700 ரூபாய் இழக்கும். அதே பத்து நாளும் சிறிய விலைக்கே போன பதினேழு இருக்கை வேன் 38,450 இழக்கும். சிறிய முதலாளியை வீழ்த்துவது சீசனில் விட்ட லாபமன்று, மந்த மாதத்தில் கட்ட முடியாமல் போன தவணை. இரண்டு தவணை சேர்ந்து தவறினால் கடன் கொடுத்த நிறுவனத்தின் ஆள் ஷெட் வாசலில் வந்து நிற்பார்.

சொந்த வேன் இல்லாமலே ஓராண்டு தொழில் நடத்தியவரிடம் இந்தக் கேள்விக்கான விடை ஏற்கெனவே இருக்கிறது. சவாரி ஆன புக்கிங்கை மட்டும் எண்ணக் கூடாது. வந்த விசாரணைகள் அத்தனையையும், விலை படியாமல் போனவை உட்பட, ஆள் எண்ணிக்கை, மாதம், போக வேண்டிய இடம் என்று நோட்டில் எழுதி வைத்திருக்க வேண்டும். எழுதாதவர் இன்றே தொடங்கி, ஒரு சபரிமலைச் சீசனும் ஒரு ஜூன் மாதமும் கடந்த பிறகு வேனுக்கு முன்பணம் கொடுக்கட்டும், அதுவரை வண்டியைப் பிறரிடம் வாடகைக்கு எடுத்து ஓட்டலாம். அந்த நோட்டில் பன்னிரண்டு பேருக்கு மேற்பட்ட விசாரணைகள் பாதிக்கு மேல் இருந்து, அவை ஆண்டு முழுக்கப் பரவியும் இருந்தால் பதினேழு வாங்குங்கள். பாதிக்குக் கீழே என்றாலோ, எல்லாம் இரண்டு மாதத்துக்குள் குவிந்திருந்தாலோ, நீளப் பாடியில் பன்னிரண்டு இருக்கை போட்டு, பன்னிரண்டு என்றே பதிவு செய்துகொள்ளுங்கள்.